ஓலையில் வீரம் தேடாதீங்கோ, வடலிக் கணக்கைத் தேடுங்கோ



எங்கட குழுக்களில் வருசத்தில நாலைஞ்சு தரமாவது ஒரு படம் வந்து விழும். ஊரில் பழைய பெட்டியில் இருந்த ஏட்டுக்கட்டு, அல்லது விடுமுறைக்குப் போன இடத்தில் கோயில் சுவரில் கண்ட கல்வெட்டு. கீழே ஒரே வரி: "இதை யாராவது வாசிச்சுச் சொல்லுங்கோ." அடுத்த பத்து நிமிடத்தில் இரண்டு கட்சி உருவாகிவிடும். ஒரு கட்சிக்கு அது இரண்டாயிரம் வருசப் பழமை, இருட்டடிப்புச் செய்யப்பட்ட வரலாறு. மற்றக் கட்சிக்கு "இதெல்லாம் இப்ப ஒருத்தராலும் வாசிக்க ஏலாது." இரண்டு பேரும் பிழை. இரண்டு பிழையும் அரசியல் பிழைதான் என்பது என் வாதம். வாசிக்க முடியாது என்கிறவர் அந்தப் பொருளைப் பூசைக்குரியதாக ஆக்குகிறார். வாசிக்காமலே பெருமைப்படுகிறவரும் அதையேதான் செய்கிறார்.

முதலில் ஓலையை எடுப்போம். எங்களில் பலரிடம் இருக்கக்கூடியது அதுதான்.

எங்கட காலநிலையில் ஓர் ஓலை இருநூறு, முந்நூறு வருசம் தாக்குப் பிடித்தால் பெரிய காரியம். பூச்சி, ஈரம், புகை எல்லாம் சேர்ந்து அதைத் தின்றுவிடும். அதனால்தான் பழைய நூல்களைத் திரும்பத் திரும்பப் பிரதி எடுத்தார்கள். உங்கள் வீட்டில் இருக்கிற ஏடு பெரும்பாலும் 18ஆம் அல்லது 19ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்டது. உள்ளே இருக்கிற நூல் அதைவிடப் பழையதாக இருக்கலாம், எழுத்து பழையதல்ல. ஆகவே அது தமிழ்ப் பிராமியும் இல்லை, வட்டெழுத்தும் இல்லை. நீங்கள் ஞாயிறு தமிழ்ப் பள்ளியில் படித்த அதே எழுத்தின் அண்ணன்தான். பாதி எழுத்துகளைப் பார்த்தவுடனேயே பிடிப்பீர்கள். மற்றப் பாதியில்தான் எல்லாம் சறுக்கும்.

ஏன் சறுக்குகிறது? நாலு காரணம். ஓலையில் புள்ளி வைப்பதில்லை, எழுத்தாணி குத்தினால் ஓலை கிழியும் என்று சொல்வார்கள். சொல்லுக்குச் சொல் இடைவெளி விடுவதில்லை. எகரமும் ஏகாரமும் ஒரே வடிவம், ஒகரமும் ஓகாரமும் அப்படியே. கடைசியாக, நெடிலுக்குப் போடும் காலும் ர என்ற எழுத்தும் பார்வைக்கு ஒன்றுதான்.

இது நடைமுறையில் என்ன செய்யும் என்று பார்க்க, ஒரு காணி உறுதியில் வரக்கூடிய வரி ஒன்றை நானே எழுதிக் காட்டுகிறேன். ஓலையில் அது இப்படி இருக்கும்:

கரணிமெலகொடியிலபனை௫மவடலி௩ம

முதல் முறை வாசிக்கிறவர் என்ன செய்வார்? "கரணி" என்று தொடங்கி முழிப்பார். பிறகு "மெல்கொடி" கண்ணில் படும். ஆகா, மெல்லிய கொடி, பெண்ணைச் சொல்கிறது, இது காதல் பாட்டு! பிறகு "பனைரும" என்று ஏதோ வரும். அது புரியாதபடியால் இன்னும் பழைய தமிழாக இருக்க வேண்டும் என்று முடிவு கட்டுவார். குழுவில் அறிவிப்பும் போட்டுவிடுவார்.

பழகினவர் வேறு மாதிரிப் போவார். முதல் எழுத்துக்குப் பக்கத்தில் நிற்பது ர அல்ல, கால். அப்படியென்றால் சொல் "காணி". காணி என்றதும் உறுதியாக இருக்கலாம் என்ற சந்தேகம் வருகிறது. உறுதி என்றால் திசை வரும், எல்லை வரும். ஆகவே "மெல" என்பது மேல், அதாவது மேற்கு. "கொடி" என்பது கோடி, அதாவது மூலை. பனைக்குப் பிறகு நிற்கிற ரு போன்ற வடிவம் எழுத்தே இல்லை, ஐந்து என்ற இலக்கம். வடலிக்குப் பிறகு நிற்பது மூன்று. இப்ப வரி நிமிர்ந்து நிற்கிறது: காணி மேல்கோடியில் பனை 5ம் வடலி 3ம். ஐந்து பனை, மூன்று இளம் பனை. அவ்வளவுதான் விசயம்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. அவர் எழுத்தை முதலில் வாசித்துவிட்டுப் பிறகு பொருளுக்குப் போகவில்லை. இது என்ன வகை ஆவணம் என்று ஊகித்து, அந்த ஊகத்தை எழுத்தில் சோதித்து, முன்னும் பின்னும் நடக்கிறார். அதனால்தான் ஒரே ஓர் ஏட்டின் ஒரே ஒரு பக்கத்தை, அதுவும் நடுவில் வெட்டிய படத்தை அனுப்பினால், எவ்வளவு பெரிய ஆளாலும் உதவ முடியாது. அந்த எட்டுச் சொல்லைத் தவிர வேறு பிடிமானம் அவருக்கு இல்லை. அதே காரணத்தால், தமிழ் எழுத்தெல்லாம் தெரிந்தவருக்கும் மருத்துவ ஏடு திறக்காமல் போகலாம். சரக்குப் பெயர்களும் அளவுகளும் தெரிந்த ஒரு பழைய பரியாரியாருக்கு அது சட்டென்று திறக்கலாம்.

இலக்கம் இன்னொரு பொறி. தமிழ் இலக்கங்களில் பல, எழுத்துகள் மாதிரியே இருக்கும்: ௧ க மாதிரி, ௨ உ மாதிரி, ௮ அ மாதிரி. பின்னங்களுக்கும் தனித்தனிக் குறிகள் உண்டு, அவற்றின் பெயர்களும் குழப்பும். காணி என்பது நிலமும்தான், எண்பதில் ஒரு பங்கும்தான். மா என்பது இருபதில் ஒரு பங்கு. கணக்கு ஏட்டில் ஒரு குறியைப் பிழையாக எடுத்தால் ஒருவருடைய பங்கு நாலு மடங்காகிவிடும்.

திகதியும் நீங்கள் நினைக்கிற மாதிரி வராது. "விபவ வருசம் ஆனி மாதம்" என்று இருந்தால், அந்த விபவ அறுபது வருசத்துக்கு ஒருமுறை திரும்பி வரும். சக வருசமோ கலி வருசமோ கொல்லமோ கூட இல்லாவிட்டால், எந்தச் சுற்று என்பதை ஓலை தானாகச் சொல்லாது. உள்ளே வருகிற ஆட்களின் பெயர், நாணயத்தின் பெயர், அதிகாரியின் பதவிப் பெயர் என்று வெளியே இருந்துதான் பிடிக்க வேண்டும். பல நேரம் "19ஆம் நூற்றாண்டு, அதற்கு மேல் சொல்ல ஏலாது" என்பதுதான் நேர்மையான பதில். அந்தப் பதில் வந்தால் வாசித்தவருக்குத் தெரியவில்லை என்று நினைக்காதீங்கோ. தெரிந்தபடியால்தான் அங்கே நிறுத்துகிறார்.

கல்லுக்கு வருவோம். கல் அழியாது என்று ஒரு நம்பிக்கை இருக்கு. அழியும். சுண்ணாம்பு பூசுவார்கள், மணல் பீய்ச்சிச் சுத்தம் செய்வார்கள், திருப்பணியில் கல்லை மாற்றி அடுக்குவார்கள். எங்கட மாதிரிப் புலம்பெயர்ந்த ஆட்கள் அதிகம் பகிர்கிற கல்லொன்றையே எடுக்கிறேன்: தாய்லாந்தின் மேற்குக் கரையில் தக்குவாபா என்ற இடத்தில் கிடைத்த தமிழ்க் கல்வெட்டு. "தாய்லாந்தைத் தமிழன் ஆண்டதற்கு ஆதாரம்" என்ற தலைப்போடு அதன் படத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

அந்தக் கல்லில் இருப்பது ஆறே வரி. தொடக்கம் சிதைந்து போயிருக்கு. அரசன் பெயர் வந்திருக்க வேண்டிய இடத்தில் அரைகுறை எழுத்துகள்தான் மிச்சம். அதற்குப் பிறகு தெளிவாக வருவது: நங்கூருடையான் என்று ஒருவர், அவர் தோண்டிய குளம், குளத்தின் பெயர் அவனிநாரணம். பிறகு அந்தக் குளம் மணிக்கிராமத்தாருக்கும் சேனாமுகத்தாருக்கும், பெயர் பாதி உடைந்த இன்னொரு கூட்டத்துக்கும் அடைக்கலம் என்று முடிகிறது. ஒருவர் குளம் தோண்டினார், பராமரிக்கிற பொறுப்பை இன்னார் இன்னாரிடம் விட்டார். கல்லில் உள்ளது அதுதான். போரும் இல்லை, வெற்றியும் இல்லை.

1913இல் ஜெர்மன் அறிஞர் ஹுல்ஷ் இதை வெளியிட்டார். பிறகு நீலகண்ட சாஸ்திரி திரும்ப வாசித்தார். அதற்குப் பிறகும் ஆட்கள் வாசித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஆறு வரிக்கு ஒரு நூற்றாண்டு! இத்தனைக்கும் அவர்கள் நல்ல படியை வைத்துக்கொண்டு வேலை செய்தவர்கள், கைப்பேசிப் படத்தை வைத்து அல்ல.

இன்றைக்கு இதை 9ஆம் நூற்றாண்டு என்கிறார்கள். எப்படி? கல்லில் ஆண்டு மிஞ்சவில்லை. எழுத்தின் வடிவம் அந்தக் காலத்துக்குப் பொருந்துகிறது. அதோடு அவனிநாரணன் என்பது பல்லவன் மூன்றாம் நந்திவர்மனின் பட்டப்பெயர், அவன் அந்த நூற்றாண்டின் நடுப்பகுதியைச் சேர்ந்தவன். இது நல்ல ஊகம், நானும் ஏற்கிறேன். ஆனால் ஊகம் எங்கே நிற்கிறது என்று பாருங்கோ. ஒரு குளத்துக்கு அரசனின் பட்டப்பெயர் வைத்திருக்கு என்பது, பெயர் வைத்தவருக்கு அந்த அரசனைத் தெரியும் என்பதைக் காட்டும். அரசனின் ஆட்சி அந்தக் கரைவரை போனது என்பதைக் காட்டாது. ஸ்காபரோவில் ஒரு கடைக்கு யாழ்ப்பாணம் என்று பெயர் வைத்தால் அங்கே யாழ்ப்பாண இராச்சியம் நடந்தது என்று அர்த்தமா?

இன்னும் ஒரு படி போவோம். சேனாமுகத்தார் என்ற சொல் கல்லில் தெளிவாக இருக்கு, எழுத்தில் சண்டை இல்லை. ஆனால் அவர்கள் ஆர்? வணிகரோடு போன படை ஆட்கள் என்று சிலர். வணிகக் குடியிருப்பைச் சேர்ந்த கூட்டம் என்று சிலர். எழுத்தை வாசிப்பது ஒரு வேலை, பொருள் சொல்வது இன்னொரு வேலை. முதலாவது முடிந்தாலும் இரண்டாவது திறந்தே இருக்கலாம். "படை" என்று எடுத்துக்கொண்டால் படையெடுப்புக் கதை சுலபமாக வரும். அதனால்தான் அந்தத் தலைப்புப் போடுகிறவர்களுக்கு அந்தப் பொருள்தான் பிடிக்கும்.

எனக்கென்னவோ, அந்தத் தலைப்பைவிட அந்த ஆறு வரிதான் எங்களுக்கு அருகில் இருக்கு. அந்நிய ஊருக்குப் பிழைக்கப் போன ஆட்கள். தண்ணீருக்கு ஒரு குளம் வெட்டுகிறார்கள். வெட்டினவர் செத்த பிறகும் ஊர் போன பிறகும் அதைப் பார்க்க ஓர் அமைப்பு வேண்டும் என்று யோசித்து, சங்கங்களின் பெயரைக் கல்லில் வெட்டுகிறார்கள். குளத்தை உண்மையில் வெட்டின கூலிக்காரரின் பெயர் அதில் இல்லை. தோண்டியவர் என்று காசு போட்டவரின் பெயர்தான் இருக்கு. இந்த இரண்டையும் வாசிக்கத் தெரிந்தால்தான் அது இடதுசாரி வாசிப்பு.

திரும்பவும் எங்கட வீட்டு ஓலைக்கு. இங்கேதான் உண்மையில் வலிக்கும்.

வீட்டில் ஏடு இருக்கு என்றாலே அந்த வீட்டுக்கு எழுத வேண்டிய ஏதோ ஒன்று இருந்தது என்று அர்த்தம்: காணி, கடன், தொழில், சாதகம், கோயில் உரிமை. காணி இல்லாத குடும்பத்துக்குக் காணி உறுதி இல்லை. ஆகவே "எங்கட முன்னோர் எழுதியது" என்கிறபோது எங்கள் எல்லோருடைய முன்னோரையும் அது குறிக்காது. இன்னொன்று. 1707இல் ஒல்லாந்தர் எழுதிவைத்த தேசவழமையில் அடிமைகள் பற்றித் தனிப் பகுதியே இருக்கு. இலங்கையில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது 1844இல். அதற்கு முந்திய ஒரு சொத்து ஓலையை வாசிக்கக் கொடுக்கிற ஆள், பனையும் வடலியும் மாடும் வருகிற அதே பட்டியலில் மனிதர் பெயரும் வரக்கூடும் என்பதற்கு ஆயத்தமாக இருக்க வேண்டும். வந்தால் என்ன செய்வீர்கள்? "அது அந்தக் காலம்" என்று அந்த ஒரு ஏட்டை மட்டும் படம் எடுக்காமல் விடுவீர்களா? சாதிப் பெயரை மழுப்பி எழுதச் சொல்லி வாசிக்கிறவரைக் கேட்பீர்களா? 1981இல் நூலகம் எரிந்தபோது போன ஏடுகளுக்காக ஒவ்வொரு வருசமும் நாங்கள் எழுதுகிறோம். கையில் மிஞ்சின ஏட்டில் பிடிக்காத வரியை நாங்களே மறைத்தால், அந்த எழுத்துக்கு என்ன பெறுமதி?

அதே மாதிரி, ஓலை உறுதி கிடைத்துவிட்டது, பறிபோன காணி திரும்பும் என்ற நம்பிக்கையையும் அளவாக வையுங்கோ. அந்த உறுதிகள் எல்லையை ஆட்களால் சொல்கின்றன: கிழக்கே இன்னார் காணி, வடக்கே ஒழுங்கை, தெற்கே பனை வரிசை. இன்னார் போய்விட்டார், அவருடைய பேரப்பிள்ளைகள் ஆறு நாட்டில், பனை ஷெல்லில் போய்விட்டது. அந்த ஏட்டை மட்டும் வைத்து இன்றைக்கு எல்லைக்கல் போட முடியாது. பிறகு வந்த உறுதிகளோடும், அயலட்டையில் இருக்கிற வயதானவர்களின் நினைவோடும் சேர்த்து வைத்தால், அது ஒரு நீண்ட சங்கிலியின் முதல் கண்ணியாக நிற்கும். அதுவும் சின்ன விசயம் இல்லை.

சரி, அப்ப படம் எடுக்கிறவர் என்னதான் செய்யிறது?

ஓலை என்றால், கட்டில் உள்ள எல்லா ஏட்டையும், இரண்டு பக்கமும், இருக்கிற ஒழுங்கிலேயே எடுங்கோ. ஓரத்தை வெட்டாதீங்கோ, ஏட்டின் எண் பெரும்பாலும் இடது ஓரத்தில்தான் இருக்கும். பக்கத்தில் ஓர் அடிமட்டத்தை வையுங்கோ. பிளாஷ் வேண்டாம். எழுத்து கீறல்தானே, மை பூசாத ஏட்டில் நேர் வெளிச்சம் அதை அழித்துவிடும். ஒரு பக்கத்தில் இருந்து தாழ்வாக வெளிச்சம் விழுந்தால் கீறலுக்குள் நிழல் விழுந்து எழுத்து எழும்பி நிற்கும். எண்ணெய், கரி, மஞ்சள் என்று எதையும் நீங்களாகப் பூச வேண்டாம். ஒட்டிப்போன ஏட்டைப் பிரிக்கவும் வேண்டாம்.

கல்லுக்கும் அதே விதிதான். உச்சி வெயிலில் எடுத்த படம் பெரும்பாலும் வீண். காலை அல்லது மாலை வெயில் சுவரை உரசிக்கொண்டு போகிற நேரத்தில் எடுங்கோ. வரிகள் ஒரு கல்லோடு முடியாது, அடுத்த கல், அதற்கடுத்த கல் என்று மூலை திரும்பியும் ஓடும். ஆகவே முழுச் சுவரையும் தூரத்தில் இருந்து ஒரு படம், பிறகு ஒன்றின் மேல் ஒன்று கொஞ்சம் படிகிற மாதிரி வரிசையாகக் கிட்டத்துப் படங்கள். எழுத்தைத் தெளிவாக்க என்று சோக்கால் எழுத்தின் மேல் கோடு போடாதீங்கோ. நீங்கள் போடுகிற கோடு உங்கள் ஊகம். அடுத்தவர் கல்லை விட்டுவிட்டு உங்கள் ஊகத்தைத்தான் வாசிப்பார். தமிழ்நாட்டுக் கோயில் என்றால், அந்தக் கல்வெட்டை ஏற்கெனவே படி எடுத்து அச்சிட்டிருக்கிறார்களா என்று முதலில் தேடுங்கோ. நிறைய அச்சில் வந்திருக்கு, நிறைய வராமல் இருக்கு. வந்திருந்தால் உங்கள் வேலை பாதி முடிந்தது.

கேள்வியையும் மாற்றுங்கோ. "மொழிபெயர்த்துத் தாங்கோ" என்று தொடங்காமல், "இது என்ன வகை?" என்று தொடங்குங்கோ. சாதகம் என்றால் கட்டத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார். மருத்துவமா, கணக்கா, உறுதியா, புராணப் பிரதியா என்பதைப் பழகினவர் சில ஏடுகளிலேயே பிடிப்பார். இரண்டாவது, எழுத்துக்கு எழுத்துப் படி. அதில் சந்தேகமான எழுத்தைப் பகர அடைப்புக்குள்ளும், போன எழுத்தைப் புள்ளியாகவும் போடச் சொல்லிக் கேளுங்கோ. ஓர் அடைப்பும் இல்லாமல் வழவழவென்று வருகிற வாசிப்பை நம்பாதீங்கோ. மூன்றாவதுதான் பொருள். முதலாவதுக்குச் சில நிமிடம் போதும், இரண்டாவதுக்கு ஏட்டுக்கு மணிக்கணக்கும், மூன்றாவதுக்கு மாதக்கணக்கும் போகலாம்.

கடைசியாக, காசு. ஏடு வாசிக்கத் தெரிந்தவர்கள் கொஞ்சப் பேர். அவர்களில் பலர் ஓய்வு பெற்றவர்கள், ஒப்பந்த வேலையில் இருக்கிறவர்கள், வேலையே இல்லாத ஆய்வு மாணவர்கள். டெலிவரி ஓட்டுகிற தோழருக்கு மணிக்கணக்குக் கூலி வேண்டும் என்று கோஷம் போடுகிற நாங்கள், ஐம்பது ஏட்டுப் படத்தை ஒருவருக்கு அனுப்பிவிட்டு "நேரம் கிடைக்கேக்க பாருங்கோ" என்கிறோம். அதுவும் கூலி கொடாத உழைப்புத்தான். என் முன்மொழிவு சின்னது. எங்கள் கூட்டமைப்பு இந்த வருசம் தலா கொஞ்சம் போட்டு, ஒரே ஒரு ஏட்டுக்கட்டைத் தெரிவு செய்து, வாசிக்கிறவருக்கு மணிக்கு இவ்வளவு என்று பேசிக் கொடுப்போம். படத்தையும் அடைப்புகளோடு கூடிய படியையும் நூலகம் நிறுவனம் மாதிரி எல்லோரும் பார்க்கக்கூடிய இடத்தில் வைப்போம். உள்ளே சோழனும் வராமல் பல்லவனும் வராமல் ஐந்து பனையும் மூன்று வடலியும் மட்டும் வந்தாலும், அதை அப்படியே போடுவோம். அந்தப் பனையில் ஏறினது ஆர், அதன் பலன் ஆருக்குப் போனது என்ற கேள்வியை அங்கேயிருந்து கேட்கத் தொடங்கலாம்.